அம்மாவின் சர்க்கரை டாக்டருக்கு ஒரு பக்கக் கடிதம்: மூன்று மாத ரிப்போர்ட்டுகளை எப்படிச் சுருக்குவது?

காவேரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 63 வயது, சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. அம்மாவும் அப்பாவும் மன்னார்குடியில், நான் புனேவில். டாக்டர் தஞ்சாவூரில் இருக்கிறார். அடுத்த வாரம் காட்டப் போகிறார்கள், என்னால் லீவு போட்டு வர முடியாது.

அம்மா டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று முடித்துவிடுவார். அப்பா ஃபைலை நீட்டுவார், உள்ளே தாள்கள் எந்த வரிசையிலும் இருக்காது. வெளியே அத்தனை பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது டாக்டரும் மேலே இருக்கிற தாளைத்தான் பார்ப்பார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதனால் மூன்று மாத ரிப்போர்ட்டுகளையும் சுருக்கி ஒரு கடிதமாக எழுதி அப்பாவிடம் கொடுத்தனுப்பலாம் என்று இருக்கிறேன். எழுதிய வரைக்கும் கீழே போடுகிறேன், எதைச் சேர்க்கலாம் எதை எடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

> மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். நீங்கள் ஜூனில் பார்த்தபிறகு அம்மாவுக்குச் சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது. வெறும் வயிற்றில் ஜூனில் 164, ஜூலையில் 132, ஆகஸ்டில் 104. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 248, 196, 158. ஏ1சி ஜூனில் 8.4, இப்போது 7.2.
>
> கொழுப்பும் குறைந்திருக்கிறது. ட்ரைகிளிசரைடு 265-லிருந்து 170, எல்டிஎல் 121-லிருந்து 94.
>
> கிரியாட்டினின் 1.1, 1.2, 1.3. ரிப்போர்ட்டில் 1.4 வரை நார்மல் என்று போட்டிருக்கிறது. ஆகஸ்டில் சிறுநீரில் அல்புமின் 85 என்று வந்திருக்கிறது. மாத்திரைகளை இப்படியே தொடரலாமா என்று சொல்லவும்.

அன்பு_ஈரோடு

சிஸ்டர், இன்ஷூரன்ஸுக்கு இந்த மாதிரிக் கடிதம் செல்லாது. டாக்டர் லெட்டர்பேடில், சீல் போட்டு, எந்த வருடம் சர்க்கரை ஆரம்பித்தது என்று அவரே எழுதித் தரணும். எங்க அப்பாவுக்கு அது இல்லாமல் க்ளெய்மைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

காவேரிக்கரை

இன்ஷூரன்ஸுக்கு இல்லை அண்ணா. டாக்டர் படித்துப் பார்ப்பதற்காக நான் அவருக்கு எழுதுவது.

திருச்சி_பாலு

எல்லாம் சரி, மெட்ஃபார்மின் எடுக்கிறார்களா? அதுதான் கிட்னியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி பண்ணும். என் மாமா பன்னிரண்டு வருடம் அதைச் சாப்பிட்டார், கடைசியில் கிரியாட்டினின் 4. டாக்டரே நிறுத்தச் சொன்னார். முதலில் அதை நிறுத்துங்கள், கடிதம் அப்புறம் எழுதலாம்.

வெண்ணிலா_எம்டி

நான் அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் பார்க்கிறேன். உங்கள் அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை, அதனால் எந்த மாத்திரையைக் கூட்டலாம் குறைக்கலாம் என்று சொல்ல மாட்டேன், நீங்களும் இங்கே படித்துவிட்டு எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனால் சர்க்கரையை ஒரு பத்தியிலும் சிறுநீரகத்தை இரண்டு பத்தி தள்ளியும் வைத்துவிட்டதால், படிக்கிறவருக்கு இது நல்ல செய்தி மாதிரி போய்விடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை இறங்க இறங்க கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது. 14 வருடச் சர்க்கரைக்காரருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இவ்வளவு சீக்கிரம் 164-லிருந்து 104-க்கு வந்தால், நான் முதலில் கேட்பது "ஏன்" என்பதுதான். மாத்திரை கூட்டினார்களா? சோறு குறைந்ததா? நடை ஆரம்பித்தாரா? இதில் எதுவுமே இல்லாமல் இறங்கியிருந்தால் சிறுநீரகத்தைச் சந்தேகப்பட வேண்டும். உடம்பில் சுரக்கிற இன்சுலினையும், கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரையின் மிச்சத்தையும் வெளியே தள்ளுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது மந்தமானால் அதே பழைய மாத்திரை கூடுதல் நேரம் நின்று வேலை செய்யும். ரிப்போர்ட்டில் அது "கண்ட்ரோல்" என்று தெரியும், வீட்டில் அது லோ சுகராக வரும்.

1.4 வரை நார்மல் என்ற வரியைக் கடிதத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வரம்பு வயது, ஆண், பெண் எதையும் பார்ப்பதில்லை. உடற்பயிற்சி செய்கிற இளைஞருக்கு 1.3 இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. 63 வயதுப் பெண்ணுக்கு, இப்போது வழக்கத்தில் இருக்கிற 2021 சூத்திரத்தில் போட்டால், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டுகிற ஈஜிஎஃப்ஆர் உங்கள் மூன்று எண்களுக்கும் ஏறத்தாழ 56, 51, 46 வருகிறது. டாக்டருக்கு இந்த மூன்று எண்தான் கண்ணில் பட வேண்டும். 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் அளவை மறுபடி யோசிப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். உங்கள் அம்மா முதல் கோட்டுக்கு ஒரு படி மேலே நிற்கிறார்.

மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையும், அளவோடு. ஜூனுக்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தது எது, வேறு யார் கொடுத்ததாக இருந்தாலும். அப்புறம், சாயங்காலம் நாலு ஐந்து மணிக்கு வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வருகிறதா என்று. லோ சுகர் என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். "திடீர்னு பசி வந்து ஏதாவது எடுத்துச் சாப்பிட்டா சரியாயிடுதா" என்று கேளுங்கள்.

பாலு சாருக்கு: மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் ஏற்கெனவே குறைந்துபோனால் அந்த மருந்து உடம்பில் தேங்கும், அதனால் அளவைக் குறைப்போம், ஒரு கட்டத்தில் நிறுத்துவோம். உங்கள் மாமாவுக்கு நிறுத்தியது அதற்காகத்தான் இருக்கும். நிறுத்தினார்கள் என்பதால் அதுதான் காரணம் என்று ஆகாது.

திருச்சி_பாலு

படித்தவர்கள் சொன்னால் சரிதான் மேடம். ஆனால் மாமாவுக்கு வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, அந்த மாத்திரை ஒன்றுதான். எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.

காவேரிக்கரை

மேடம், மிக்க நன்றி. நேற்று ராத்திரி வீடியோ காலில் அம்மாவை மாத்திரை டப்பாவையே கொண்டுவந்து ஒவ்வொரு அட்டையாகக் கேமரா முன்னால் காட்டச் சொன்னேன்.

காலையிலும் ராத்திரியும் சர்க்கரைக்கு ஒரே மாத்திரை, கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 1000-ம் சேர்ந்தது. இது இரண்டு வருடமாக மாறவில்லை. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்ந்தது. கொழுப்புக்கு முன்னால் அட்டோர்வாஸ்டாடின் மட்டும் இருந்தது. ஜூன் 28 அன்று இதய டாக்டர் ஒருவரிடம் காட்டியபோது ட்ரைகிளிசரைடு 265-ஐப் பார்த்துவிட்டு ரோசுவாஸ்டாடின் 10, ஃபெனோஃபைப்ரேட் 160 சேர்ந்த மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார். இது சர்க்கரை டாக்டருக்குத் தெரியாது.

டப்பாவின் அடியில் பேரே சொல்லாத இன்னொரு அட்டை இருந்தது. கேட்டால், "அது முட்டி வலிக்குடா, தெருமுனைக் கடையில் அப்பா வாங்கித் தந்தது, தினமும் எல்லாம் போடலை" என்கிறார். அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால். அப்பாவிடம் தனியாகக் கேட்டேன், ஜூலையிலிருந்து பெரும்பாலான நாளில் ஒன்று போகிறதாம்.

சாயங்கால விஷயம் நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். "ஆமா, நாலரை மணிக்கு ஒரு மாதிரி படபடன்னு வரும், வேர்த்துக் கொட்டும், ரெண்டு பிஸ்கட் டீயில் தோய்ச்சுச் சாப்பிட்டா அடங்கிடும், வயசாச்சுல்ல" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. ஜூலையிலிருந்து பசி இல்லை என்று ராத்திரிச் சாப்பாடும் இரண்டு இட்லியோடு நின்றிருக்கிறது, மாத்திரை மட்டும் அப்படியே.

மருந்துக்கடை_முருகன்

அக்கா, கவுண்டரில் நிற்கிறவன் என்ற முறையில் இதைச் சொல்லியே ஆகணும். அந்த முட்டி வலி மாத்திரை இங்கே தனியாக இல்லை, அதுதான் பெரிய பிரச்சினை. உங்க அம்மாவுக்கு டெல்மிசார்டன் இருக்கு, கூடவே சிறுநீர் அதிகமாகப் பிரிக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கு. இந்த இரண்டுக்கும் மேலே வலி மாத்திரை ஏறினால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகிற ரத்த ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும். பி.ஃபார்ம் படிக்கும்போதே சொல்லிக்கொடுக்கிற சேர்க்கை இது, ஆனால் கடையில் வந்து "முட்டி வலிக்கு ஒண்ணு குடு" என்று கேட்கிறவரிடம் வேறு என்ன சாப்பிடுறீங்க என்று கேட்கிற பழக்கம் எங்க ஆட்களிடம் குறைவு. நான் கேட்பேன், கேட்டால் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கடிதத்தில் பிராண்டு பேர் மட்டும் எழுதாதீங்க. ஒரே பேரில் பின்னாடி 1, 2, எம், எஃப் என்று எழுத்து மாறினால் உள்ளே சரக்கே வேற. அட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கிற மருந்துப் பேரையும் மில்லிகிராமையும் அப்படியே எழுதுங்க.

சேது_லேப்

முப்பது வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மகளே, மூன்று ரிப்போர்ட்டும் ஒரே லேபா?

காவேரிக்கரை

இல்லை ஐயா. ஜூனும் ஆகஸ்டும் தஞ்சாவூரில் டாக்டர் எழுதித் தந்த லேப். ஜூலை மட்டும் மன்னார்குடியில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள்.

சேது_லேப்

அப்படியானால் ஜூலை 1.2-க்குப் பக்கத்தில் "வேறு லேப்" என்று இரண்டு வார்த்தை எழுதிவிடு. கிரியாட்டினின் பார்க்க இரண்டு முறை உண்டு, பழைய ஜாஃபே முறை, புதிய என்சைம் முறை. லேபுக்கு லேப் 0.1 வித்தியாசம் வருவது சர்வ சாதாரணம், ஒரே லேபில் காலையும் மாலையும் எடுத்தால்கூட வரலாம். அதனால் 1.1-லிருந்து 1.2 என்பதை வைத்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் ஜூனும் ஆகஸ்டும் ஒரே லேப் என்றால், 1.1-லிருந்து 1.3 என்பதைத் தள்ளிவிட முடியாது. மறுபடி எடுத்துத்தான் பார்க்கணும், அதே லேபில்.

இன்னொன்று. சிறுநீர் அல்புமின் 85 என்றாயே, அது கிரியாட்டினினோடு சேர்த்த விகிதமா, வெறும் மைக்ரோஅல்புமினா? அலகைப் பார். ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்றால் விகிதம், லிட்டருக்கு என்றால் வெறும் அல்புமின். அன்றைக்கு நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் இரண்டாவது எண் தானாகக் குறைந்துவிடும், அதை நம்ப முடியாது. அப்புறம் சிறுநீர்க் கடுப்பு, காய்ச்சல் இருந்ததா? இருந்தால் அல்புமின் பொய்யாக ஏறும்.

காவேரிக்கரை

விகிதம்தான் ஐயா, கிராமுக்கு 85 மில்லிகிராம். கடுப்பு இருந்ததா என்று அம்மாவுக்குச் சரியாக நினைவில்லை, "லேசா இருந்த மாதிரி" என்கிறார்.

வெண்ணிலா_எம்டி

அப்படியே எழுதுங்கள், "ஒரே ஒரு முறை 85, அப்போது கடுப்பு இருந்திருக்கலாம்" என்று. 30-க்கு மேல் என்பதால் விட முடியாது, ஒரு முறை மட்டும் என்பதால் முடிவும் சொல்ல முடியாது. சில மாத இடைவெளிக்குள் மூன்று முறை எடுத்து, இரண்டிலாவது ஏறியிருந்தால்தான் அதை நாங்கள் கணக்கில் எடுப்போம்.

முருகன் சொன்னது மிக முக்கியம். கூடவே அந்தக் கொழுப்பு மாத்திரையையும் கவனிக்க வேண்டும். ஃபெனோஃபைப்ரேட் ஆரம்பித்தால் பலருக்குக் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும், நிறுத்தினால் பழையபடி இறங்கிவிடும். அது சிறுநீரகம் நிஜமாகவே கெட்டதால் ஏறுவதாக இல்லாமலும் இருக்கலாம். சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு அதைக் குறைந்த அளவில் தொடங்குவதுதான் வழக்கம், 160 முழு அளவு. ஆக, ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் கிரியாட்டினினை ஏற்றக்கூடிய இரண்டு மாத்திரைகள் உள்ளே வந்திருக்கின்றன, இரண்டுமே சர்க்கரை டாக்டருக்குத் தெரியாமல். உங்கள் முதல் கடிதத்தில் எண்கள் எல்லாம் இருந்தும் இது இல்லை. மாத்திரை தொடங்கிய தேதி இல்லாமல் ரிப்போர்ட் எண்ணை மட்டும் கொடுத்தால், டாக்டர் இதைச் சர்க்கரையால் வந்த சிறுநீரகப் பாதிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்படியும் இருக்கலாம், ஆனால் சரிசெய்யக்கூடிய காரணத்தை முதலில் பார்க்க வேண்டும் அல்லவா?

ட்ரைகிளிசரைடு 265-லிருந்து 170 வந்ததை முழுக்கப் புது மாத்திரையின் கணக்கில் எழுதாதீர்கள். சர்க்கரை இறங்கினால் ட்ரைகிளிசரைடும் தானாக இறங்கும்.

மருந்துக்கடை_முருகன்

மேடம், ஒரு சந்தேகம். இதய டாக்டர் எழுதிய மாத்திரையைக் குறை சொல்கிற மாதிரி சர்க்கரை டாக்டருக்கு எழுதினால் சங்கடம் ஆகாதா? எங்க ஊரில் ஒரு டாக்டர் எழுதியதை இன்னொருவர் தொடமாட்டார். அந்த வரியை விட்டுவிட்டு வலி மாத்திரையை மட்டும் எழுதினால் போதாதா? அதுதான் பெரிய சந்தேகம்.

வெண்ணிலா_எம்டி

குறை சொல்ல வேண்டாம், தேதியும் அளவும் எழுதினால் போதும். "இந்த மாத்திரையால்தான் கிரியாட்டினின் ஏறியது" என்று எழுதினால் எந்த டாக்டருக்கும் கோபம் வரும், எனக்கும் வரும். "ஜூன் 28 முதல் இது சேர்ந்திருக்கிறது" என்று எழுதினால் அவரே கோட்டைப் போட்டுக்கொள்வார்.

அன்பு_ஈரோடு

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எங்க அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஏ1சி 6.1-தான் வருகிறது, ஆனால் வீட்டு மெஷினில் அடிக்கடி 200-க்கு மேல். மெஷின் கோளாறா?

வெண்ணிலா_எம்டி

மெஷினை உடனே சந்தேகப்படாதீர்கள் அன்பு. டயாலிசிஸில் இருப்பவர்களுக்குச் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும், ரத்தம் ஊற ஊசியும் போடுவார்கள், புது அணுக்களில் சர்க்கரை ஒட்ட நேரம் இருக்காது, அதனால் ஏ1சி குறைத்துக் காட்டும். மெஷின் எண்களை நேரத்தோடு எழுதி டயாலிசிஸ் டாக்டரிடம் காட்டுங்கள்.

இது காவேரிக்கரைக்கும் வேறு விதத்தில் பொருந்தும். 7.2 என்பது சராசரி, ஏறத்தாழ 160-க்குச் சமம். நாலரை மணிக்கு 60-க்கு இறங்கி, பிஸ்கட் சாப்பிட்டதும் 200-க்கு ஏறினால், சராசரி அழகாகத்தான் இருக்கும். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் நான்கைந்து நாள் அந்தப் படபடப்பு வரும்போது மெஷினில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் காத்திருக்க வேண்டாம்: 70-க்குக் கீழே காட்டினால் முதலில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, அன்றைக்கே டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்ய வேண்டும். அந்த வார அப்பாயின்ட்மென்ட் வரை தள்ளக் கூடாது.

காவேரிக்கரை

மெஷின் பீரோவில் இருந்தது, ஸ்டிரிப் காலாவதி ஆகியிருந்தது, அப்பா புதிது வாங்கினார். நேற்று சாயங்காலம் 4.40-க்கு 61. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து 98-க்கு வந்தபிறகுதான் அப்பா எனக்குப் போன் செய்தார். கிளினிக்கில் பேசினோம், டாக்டர் மறுநாளே வரச் சொல்லிவிட்டார். கடிதத்தை ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி அப்பாவுக்கு அனுப்பினேன், பக்கத்து வீட்டுப் பையன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். இதுதான் போன கடிதம்:

> டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். அம்மாவுக்கு வயது 63, எடை 58 கிலோ, சர்க்கரை 14 வருடமாக. என்னால் கூட வர முடியாததால் எழுதுகிறேன்.
>
> முதலில் சொல்ல வேண்டியது: ஜூலையிலிருந்து சாயங்காலம் நாலரை மணி வாக்கில் வியர்வையும் படபடப்பும் வருகிறது, சாப்பிட்டால் அடங்குகிறது. நேற்று அந்த நேரத்தில் மெஷினில் 61. அம்மா இதை நீங்கள் கேட்டாலும் சொல்ல மாட்டார்.
>
> வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கிரியாட்டினினும்: ஜூனில் 164, 1.1. ஜூலையில் 132, 1.2 (வேறு லேப்). ஆகஸ்டில் 104, 1.3. ஈஜிஎஃப்ஆர் கணக்குப்படி 56, 51, 46. சாப்பிட்டபின் சர்க்கரை 248, 196, 158. ஏ1சி ஜூனில் 8.4, ஆகஸ்டில் 7.2. இந்த மூன்று மாதத்தில் சர்க்கரை மாத்திரை மாறவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஜூலையிலிருந்து குறைந்துவிட்டது.
>
> ஜூனுக்குப் பிறகு சேர்ந்தவை: ஜூன் 28 முதல் ரோசுவாஸ்டாடின் 10, ஃபெனோஃபைப்ரேட் 160 (இதய டாக்டர், அட்டோர்வாஸ்டாடினுக்குப் பதில்). ஜூலை முதல் வாரத்திலிருந்து முட்டி வலிக்கு அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால் சேர்ந்தது, பெரும்பாலான நாளில் ஒன்று, கடையில் வாங்கியது.
>
> பழைய மாத்திரைகள்: கிளிமிபிரைடு 2 மற்றும் மெட்ஃபார்மின் 1000, காலை, இரவு. டெல்மிசார்டன் 40 மற்றும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5, காலை.
>
> கொழுப்பு: ட்ரைகிளிசரைடு 265, இப்போது 170. எல்டிஎல் 121, இப்போது 94. சிறுநீர் அல்புமின் விகிதம் ஆகஸ்டில் ஒரே முறை 85, அப்போது கடுப்பு இருந்திருக்கலாம்.
>
> எங்கள் கேள்விகள்: சாயங்கால லோ சுகருக்கு மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா? முட்டி வலிக்கு எது பாதுகாப்பு? கிரியாட்டினினும் அல்புமினும் மறுபடி எப்போது பார்க்க வேண்டும்? ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில் இணைத்திருக்கிறேன். உங்கள் பதிலை அப்பாவிடம் எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

சேது_லேப்

ஒரு பக்கத்தில் அடங்கியதா?

காவேரிக்கரை

அடங்கியது ஐயா, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தும்.

டாக்டர் பேனாவை எடுத்து 1.1, 1.2, 1.3 மூன்றையும் வட்டமிட்டு, அங்கிருந்து வலி மாத்திரைக்கு ஒரு கோடு, கொழுப்பு மாத்திரைக்கு ஒரு கோடு இழுத்தாராம், அப்பா அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். வலி மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார், வலித்தால் பாராசிட்டமால் மட்டும். கிளிமிபிரைடை இரண்டு வேளையும் எடுத்துவிட்டார். மெட்ஃபார்மினை 500, இரண்டு வேளை என்று குறைத்தார். இதய டாக்டருக்கு அவரே சீட்டு எழுதிக் கொடுத்து, அவர் ஃபெனோஃபைப்ரேட்டை நிறுத்தி ரோசுவாஸ்டாடினை மட்டும் வைத்தார். இரண்டு வாரம் கழித்து அதே லேபில் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

திருச்சி_பாலு

பார்த்தீர்களா, மெட்ஃபார்மினைக் குறைத்துவிட்டார்!

வெண்ணிலா_எம்டி

குறைத்தார் பாலு சார், நிறுத்தவில்லை. அது கெடுத்தது என்பதற்காக அல்ல, கிரியாட்டினின் எங்கே போய் நிற்கும் என்று தெரியும் வரை அது தேங்கக் கூடாது என்பதற்காக.

காவேரிக்கரை

ரிப்போர்ட் வந்துவிட்டது. கிரியாட்டினின் 1.2. வெறும் வயிற்றில் 138. சாயங்காலப் படபடப்பு சுத்தமாக இல்லை. அல்புமின் விகிதம் இந்த முறை 52, கடுப்பு இல்லை.

மருந்துக்கடை_முருகன்

நான் சொன்னேன்ல அக்கா, வலி மாத்திரைதான்.

வெண்ணிலா_எம்டி

இரண்டையும் ஒரே வாரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள் முருகன், எதனால் இறங்கியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. சேது ஐயா சொன்ன மாதிரி 0.1 லேப் வித்தியாசமாகவும் இருக்கலாம். இன்னும் ஏறவில்லை என்பது மட்டும் உறுதி. அல்புமின் இரண்டாவது முறையும் 30-க்கு மேல் வந்திருக்கிறது, கடுப்பும் இல்லை, அதனால் சர்க்கரையால் வந்த பாதிப்பும் கொஞ்சம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்படியானால் எல்டிஎல் 94 போதாது, 70-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். கிளிமிபிரைடை எடுத்ததால் சர்க்கரையும் கொஞ்சம் ஏறும், அதற்கு வேறு மாத்திரை யோசிப்பார். அடுத்த முறை இந்த இரண்டையும் கேள்வியாக எழுதுங்கள்.

காவேரிக்கரை

எழுதுகிறேன் மேடம். டெல்மிசார்டனோடு இருக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு தொடரலாமா என்பதையும் சேர்க்கலாமா? பிரஷர் இப்போது 118-க்கு 70 வருகிறது, எழுந்து நின்றால் லேசாகக் கிறுகிறுப்பு என்கிறார்.

வெண்ணிலா_எம்டி

அவசியம் சேருங்கள். உட்கார்ந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிரஷர் பார்த்து, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். கிறுகிறுப்பு கூடினால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக்குச் சொல்லிவிடுங்கள்.